ஊறுகாய் பாக்கெட்டில் பெருங்காயத்தையும் தேதியையும் எப்படிப் போடுவது?

"வீட்டில் மாங்காய் ஊறுகாய், சாம்பார் பொடி போட்டு பாக்கெட்டில் விற்கிறேன். லேபிளில் பொருட்களை எந்த வரிசையில் எழுதணும்? 'ஆறு மாதம்' என்று போட்டால் போதுமா?"

போடும்போது உள்ள எடைதான் கணக்கு; அதிகமானது முதலில் வரும். மாங்காய் 5 கிலோ, நல்லெண்ணெய் 1 கிலோ, உப்பு 750 கிராம், மிளகாய்த்தூள் 600, கடுகு 150, வெந்தயம் 50, பெருங்காயம் 25 என்றால் இதே வரிசைதான். வெறும் 'எண்ணெய்' என்று எழுதாமல் நல்லெண்ணெய் என்றே எழுதுங்கள்.

பலர் கோட்டை விடுவது பெருங்காயத்தில். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். 25 கிராம்தானே என்று விடக்கூடாது. கோதுமை ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளது. 'கோதுமை அடங்கியது' என்று தனி வரி வேண்டும்.

'ஆறு மாதம்' மட்டும் போதாது. தயாரித்த அல்லது பேக் செய்த தேதியும், எக்ஸ்பைரி தேதியும் வேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதலாகப் போடலாம்.

அப்புறம், அந்த ஆறு மாதத்தைப் பக்கத்து பாக்கெட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரே பேட்சில் எட்டு பாக்கெட்டை எடுத்து வைத்து மாதம் ஒன்றாகப் பிரியுங்கள். ஊறுகாயில் பாக்கெட் உப்பினாலோ, எண்ணெய் சிக்கடித்தாலோ, அதற்கு முந்தைய மாதமே எல்லை. பொடியில் கட்டி தட்டுவதைப் பாருங்கள். மெஷினில் அரைத்த சூடு ஆறாமல் சீல் செய்தால், சென்னையின் ஐப்பசி ஈரம் இல்லாமலே உள்ளே வியர்த்துவிடும்.