ஒரே மாடல் படத்தில் பல ஜிமிக்கிகளைப் பொருத்தும் முறை

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பீனிக்ஸ் பகுதியில் சிறிய கவரிங் நகைக் கடை வைத்திருக்கிறேன். இணையப் பட்டியலுக்கு 60 ஜிமிக்கிகள் உள்ளன. அத்தனையையும் மாடலுக்கு அணிவித்துப் படமெடுக்க வசதியில்லை. ஒரே மாடல் படத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்தினால் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

குறை பெரும்பாலும் மென்பொருள் வேலையில் இருப்பதில்லை. மாடலை ஓர் உயரத்திலும், நகையை வேறோர் உயரத்திலும், வேறு தூரத்திலும் வெளிச்சத்திலும் எடுப்பதால்தான் அப்படித் தெரிகிறது. சாட்ஸ்வொர்த்தில் என் அக்காவின் கடைக்காக முதன்முறை செய்தபோது நானும் இந்தத் தவறைச் செய்தேன். ஜிமிக்கிகளை மேசையில் கிடத்தி, மேலிருந்து சாய்வாகப் படமெடுத்து, மாடலின் காதில் பொருத்தினேன். காதுக்கு நேராகக் காமிரா இருந்தால் ஜிமிக்கிக் குடையின் அடிவிளிம்பு ஏறக்குறைய நேர்கோடாகத் தெரிய வேண்டும். என் படத்திலோ அது கீழ்நோக்கி வளைந்து, குடையின் மேற்புறமும் தெரிந்தது. வாங்குபவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்பது அவர்கள் கண்ணுக்குப் பட்டுவிடும்.

ஆகவே மாடலையும் நகைகளையும் ஒரே நாளில், காமிராவை நகர்த்தாமல் எடுங்கள். முக்காலியின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். காமிரா மாடலின் காதுமடல் உயரத்தில், சுமார் ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கட்டும். வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை இரண்டையும் மேனுவலில் நிறுத்திவிடுங்கள். வடக்கு ஜன்னல் நல்லது என்று பல நூல்கள் சொல்வது பூமியின் வடபாதிக்குப் பொருந்துவது. நம் ஊரில் சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்வதால், தெற்கு ஜன்னலில்தான் நேர்வெயில் விழாத சீரான வெளிச்சம் கிடைக்கும். கோடையில் காலையிலும் மாலையிலும் வெயில் அங்கேயும் எட்டிப் பார்க்கும் என்பதால், 10 மணி முதல் 2 மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

மாடலை மூன்று விதமாக எடுங்கள்: வெறும் காதுடன் ஒன்று, காதின் அருகே அதே தூரத்தில் ஓர் இரும்பு அளவுகோலைப் பிடித்து ஒன்று, உண்மையான ஜிமிக்கி ஒன்றை அணிவித்து ஒன்று. மூன்றாவது படம் பட்டியலுக்காக அல்ல. நிழல் எங்கே விழுகிறது, கனத்தால் காதுமடல் எவ்வளவு இறங்குகிறது என்று வேலை நெடுகிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

மாடல் எழுந்த பிறகு, காது இருந்த அதே இடத்தில் மெல்லிய நைலான் நூலில் ஜிமிக்கிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடுங்கள். பின்னால் சாம்பல்நிற அட்டை போதும். வெள்ளை அட்டை வைத்தால் பளபளப்பான விளிம்பில் அந்த வெள்ளை பிரதிபலித்து, வெட்டியெடுத்த பிறகும் கோடாக நிற்கும். கழுத்து இருக்க வேண்டிய பக்கத்தில் மாடலின் தோல் நிறத்தை ஒத்த பழுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பொன்முலாம் அந்த நிறத்தை வாங்கிக்கொள்ளும். இதை மென்பொருளில் பிறகு வரைந்து சேர்ப்பது மிகவும் கடினம்.

இப்படி எடுத்தால் அளவை மாற்றவே தேவையிருக்காது, ஆனாலும் சரிபாருங்கள். என் படத்தில் அளவுகோலின் 100 மி.மீ., 1200 பிக்சலாக வந்தது, அதாவது மி.மீ.க்கு 12 பிக்சல். எனவே 52 மி.மீ. நீள ஜிமிக்கி 624 பிக்சல் இருக்க வேண்டும். முதல் தொகுதியில் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கண்மதிப்பில் சிறிதாக்கியதால், வாங்கிய ஓர் அம்மா, "படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறதே தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணம் சொல்லாமலே 7 நாள்களுக்குள் திருப்பித் தர நம் நாட்டின் 2002ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் படத்தின் கீழே நீளத்தை மி.மீ.இல் எழுதுவதையும், பொருத்தாத தனிப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைப்பதையும் நான் இப்போது விடுவதில்லை.

பிறகு GIMP போன்ற மென்பொருளில் வெறுங்காதுப் படத்தின் மேல் ஜிமிக்கியைத் தனி லேயராக வைத்து, கொக்கி காதுமடலுக்குள் நுழையும் இடத்தை மாஸ்க்கால் மறைத்துவிடுங்கள். நிழலுக்காக இவ்விரண்டு லேயர்களுக்கும் நடுவில் இன்னொரு லேயரை Multiply முறையில் சேருங்கள். அதன் நிறம் கறுப்பாக இருக்கக் கூடாது. தாடைக்குக் கீழே உள்ள இருண்ட தோலிலிருந்து எடுத்த பழுப்பாக இருக்க வேண்டும். உலோகம் தோலைத் தொடும் இடத்தில் Gaussian Blur 3 அல்லது 4 பிக்சல் போதும். குடை கழுத்தை விட்டு விலகித் தொங்கும் இடத்தில் 20 பிக்சலுக்கு மேல் வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே மங்கலில் விட்டால் நகை அந்தரத்தில் மிதக்கும். மூன்றாவது படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் இதை ஊகிக்க வேண்டியதில்லை. மறுபக்கக் காதுக்காக நகையை மட்டும் இடவலமாகத் திருப்பாதீர்கள்; மின்னும் புள்ளி ஜன்னல் இல்லாத பக்கத்துக்குப் போய்விடும்.

ஜிமிக்கி, தோடு, மூக்குத்திக்கு மட்டுமே இந்த முறை பொருந்தும். ஆரமும் அட்டிகையும் கழுத்தின் வளைவோடு படிவதால், எவ்வளவு முயன்றாலும் பொருத்திய படத்தில் தட்டையாகவே தெரியும். மாடல் வந்திருக்கும் அதே நாளில் அவற்றை அணிவித்தே எடுத்துவிடுங்கள்.