ஒரு வார ஓவர்டைம்: 3 மணி நேரமா, 5 மணி நேரமா, 8 மணி நேரமா?

கேள்வி: தனியார் தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டராக இருக்கிறேன். மாதச் சம்பளம்: அடிப்படை 10,400, பஞ்சப்படி 5,200, போக்குவரத்துப் படி 1,040 ரூபாய். 2025 ஆகஸ்ட் 17 ஞாயிறன்று வரச்சொல்லி, பதிலுக்கு 20-ஆம் தேதி புதன்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். ஞாயிறு 8, திங்கள் 8, செவ்வாய் 11, வியாழன் 10, வெள்ளி 8, சனி 8 மணி நேரம் வேலை பார்த்தேன். தினக் கணக்கில் 3, வாரக் கணக்கில் 5, ஆக 8 மணி நேர ஓவர்டைம் வரவேண்டும் என்கிறேன். கம்பெனியோ 3 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்று 195 ரூபாய் போட்டிருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. உங்களுக்கு வரவேண்டியது 5 மணி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், அதாவது 800 ரூபாய்.

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 59-ஆவது பிரிவு, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலோ ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால் சாதாரண ஊதிய விகிதத்தைப் போல் இரு மடங்கு தரச் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை 2, வியாழக்கிழமை 1 என்று தினக் கணக்கில் 3 மணி நேரம் மிகை. வார மொத்தம் 53. அதில் 48 போக 5 மிகை. ஆனால் செவ்வாய், வியாழனில் மிகையான அந்த 3 மணி நேரம் இந்த 53-க்குள்ளேயே அடக்கம். இரண்டையும் கூட்டினால் ஒரே மணி நேரத்துக்கு இருமுறை கேட்டதாகிவிடும். முதலில் அந்த 3-ஐத் தனியே எடுத்து வையுங்கள். மீதி 50. அதில் 48-க்கு மேல் இருப்பது 2. மூன்றும் இரண்டும் ஐந்து. சுருக்கமாகப் பார்த்தால், இரண்டு மிகைகளில் எது பெரியதோ அதுவே ஓவர்டைம்.

கம்பெனிக்கு 3 மட்டும் வந்தது ஏன்? அவர்கள் திங்கள் முதல் சனி வரை எண்ணியிருப்பார்கள். அப்படி எண்ணினால் 45 மணி நேரம்தான், வார மிகையே கிடையாது. சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாட்கள். ஆகவே 17-ஆம் தேதி ஞாயிறு அந்த வாரத்தின் முதல் நாள். முந்தைய வாரத்தின் கடைசி நாள் அல்ல. உங்கள் பகுதிக்கு வேறொரு இரவைத் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளர் எழுத்துமூலம் அனுமதித்திருந்தால் மட்டுமே இது மாறும். அப்படியொரு உத்தரவு உண்டா என்று கேட்டு வையுங்கள். ஞாயிறுக்குப் பதில் புதன் விடுமுறை கொடுத்ததில் தவறில்லை. முன்போ பின்போ மூன்று நாட்களுக்குள் மாற்று விடுமுறை தரலாம் என்று 52-ஆவது பிரிவு சொல்கிறது. புதன் மூன்றாவது நாள்.

இனி ரூபாய். 195-ஐ 3-ஆல் வகுத்தால் மணிக்கு 65 வருகிறது. அது எப்படி வந்தது என்று பார்த்தால், அடிப்படைச் சம்பளம் 10,400-ஐ மட்டும் எடுத்து, 30 நாள் 8 மணி நேரம் என்று 240-ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்கியிருக்கிறார்கள். ஒரே வரியில் மூன்று பிழை. சாதாரண ஊதிய விகிதம் என்றால் அடிப்படைச் சம்பளமும், தொழிலாளிக்கு அப்போது உரிய படிகளும் சேர்ந்தது. போனஸும் ஓவர்டைம் தொகையும்தான் அதில் சேராது. ஆகவே பஞ்சப்படியும் போக்குவரத்துப் படியும் சேர்ந்து 16,640. போக்குவரத்துப் படியில் நிர்வாகம் முரண்டு பிடிக்கலாம். பிரிவின் வாசகத்தைக் காட்டுங்கள். அடுத்து, வாரவிடுமுறை போக மாதம் 26 வேலை நாள் என்று எடுத்தால் 208 மணி நேரம். 30-ஆல் வகுப்பது, வேலை செய்யாத ஞாயிறுகளையும் வேலை நாளாகக் காட்டி மணி விகிதத்தைக் குறைப்பது. வகுக்கும் எண்ணைச் சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை என்பதால், உங்கள் நிலையாணைகளிலோ தொழிற்சங்க ஒப்பந்தத்திலோ எண் குறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 16,640-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 80. இரு மடங்கு 160. ஐந்து மணி நேரத்துக்கு 800. ஒன்றரை மடங்குக்குச் சம்மதித்து நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டம் தரும் இரண்டு மடங்கு குறையாது.

ஒரு எச்சரிக்கை: சாப்பாட்டு இடைவேளை வேலை நேரத்தில் சேராது. நீங்கள் தந்த மணிக்கணக்கு பஞ்ச் நேரத்தை அப்படியே எண்ணியதா, இடைவேளை கழித்ததா என்று சரிபாருங்கள். தினம் அரை மணி நேரம் கழிக்காமல் விட்டிருந்தால் ஆறு நாளில் 3 மணி நேரம் போய், மிகை 2 ஆகிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத்தின் வரையறை வேறு. உங்கள் வாரம் அதற்கு முந்தியது என்பதால்தான் இந்தக் கணக்கு. அதற்குப் பிந்திய வாரங்களுக்கு இதை அப்படியே போடாதீர்கள்.

நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் நாள்வாரியாக ஆறு வரி மணிக்கணக்கு, 53 என்ற மொத்தம், 160 ரூபாய் விகிதம் வந்த வழி, பெற்ற 195 போக பாக்கி 605 ரூபாய், இவ்வளவு போதும். பஞ்ச் பதிவின் நகலையும் ஆகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு தொழிற்சாலை ஆய்வாளரிடம் மனு கொடுக்கலாம்.