மிஸ்ட் கோல் கொடுத்தும் குறுஞ்செய்தி வரவில்லை

"அக்கரைப்பற்றில் இருக்கிறோம். நெல் விலைத் தகவலுக்காக வாப்பாவின் போனிலிருந்து மூன்று முறை மிஸ்ட் கோல் கொடுத்தோம். தானாகவே கட்டாகிறது, ஆனால் மெசேஜ் வரவில்லை. ஏன்?"

அழைப்புத் தானாகத் துண்டிக்கப்படுவது பெரும்பாலும் நல்ல அடையாளம். நீங்கள் அழைக்கும்போது, மறுமுனை எடுப்பதற்கு முன்னரே உங்கள் இலக்கம் வலையமைப்பின் சமிக்ஞை வழியாக அங்கே போய்விடுகிறது. சேவையின் கணினி அந்த இலக்கத்தைப் படித்துக்கொண்டு, அழைப்பை ஏற்காமல் நிராகரித்துவிடுகிறது. ஏற்கப்படாத அழைப்பு என்பதால் பொதுவாக உங்களுக்குக் கட்டணம் இல்லை. பிறகு முன்னுள்ள 0 நீக்கப்பட்டு, 94 சேர்க்கப்பட்ட இலக்கம் சந்தாதாரர் பட்டியலில் பதிவாகி, குறுஞ்செய்தி அனுப்பும் வாயிலுக்குத் தனிக் கட்டளையாகச் செல்கிறது. ஆகவே பதில், அழைத்த அதே இலக்கத்துக்குத்தான் வரும்.

வாப்பாவின் போனில் இரண்டு சிம் இருந்தால், அழைப்புப் பதிவேட்டில் எந்த சிம்மிலிருந்து கோல் போனது என்று முதலில் பாருங்கள். அந்த சிம் இப்போது வேறு போனில் இருந்தால், செய்தி அங்கே காத்திருக்கும்.

அடுத்து, அந்த சிம்மிலிருந்தே பின்வருவதை அழுத்தி, அழைப்புப் பொத்தானைத் தட்டுங்கள்.

```
*#31#
```

இலக்கம் மறைக்கப்படுகிறது என்று திரையில் வந்தால் காரணம் அதுவே: மறுமுனைக்கு அழைப்பு மட்டும் தெரியும், பதில் அனுப்ப இலக்கம் இருக்காது. அப்போது சேவை இலக்கத்துக்கு முன்னால் `*31#` சேர்த்து அழையுங்கள். அந்த ஓர் அழைப்புக்கு உங்கள் இலக்கம் வெளிப்படும். அடுத்தடுத்து அழைக்க வேண்டாம், ஏனெனில் சில சேவைகள் குறுகிய நேரத்தில் வரும் மறு அழைப்புகளைக் கணக்கில் எடுப்பதில்லை.