திரியவில்லை என்பதால் அது நல்ல பால் ஆகிவிடாது

"டெட்ரா பேக் பாலில் ஆறு மாதம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம்? சாதாரண பாக்கெட் பாலைவிட இது நல்லதா?"

பிரிக்காத வரைக்கும்தான் அந்த ஆறு மாதம். வாயைக் கத்தரித்துவிட்டால் அதுவும் பிரிட்ஜில் வைக்க வேண்டிய பால்தான். இரண்டு நாளில் காலி செய்துவிடுங்கள், மிஞ்சிப்போனால் மூன்று நாள். அட்டையில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதன்படி நடங்கள்.

வீட்டில் ஒருவரோ இருவரோதான் இருக்கிறீர்கள், ஒரு லிட்டர் ஒரே நாளில் தீராது, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் நாள் கணக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பால் கெட்டுவிட்டதா என்று பார்க்க நம் வீடுகளில் ஒரே ஒரு சோதனைதான்: அடுப்பில் வைத்தால் திரிகிறதா இல்லையா. இந்தப் பாலில் அந்தச் சோதனையை நம்ப முடியாது. ஒரு பால் பண்ணையின் தர ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர வைக்கிறார்கள். நோய் தரும் கிருமிகள் அதில் செத்துவிடும். சூட்டைத் தாங்கும் சில பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சும், பாக்கெட்டில் அடைக்கும்போதும் கொஞ்சம் சேரும். குளிர்ச்சி குறைந்தால் இவை பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏறிய பால் சூடு பட்டதும் திரிந்துவிடும். அதாவது பாக்கெட் பால் கெட்டால் பெரும்பாலும் அதுவே காட்டிக் கொடுத்துவிடும். நம் அம்மா, பாட்டி எல்லாம் அடுப்பை நம்பியது சரிதான்.

டெட்ரா பேக்கில் வருவது யூஎச்டி பால், அதாவது மிக அதிகச் சூட்டில் காய்ச்சிய பால். அதை 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்குகிறார்கள். பாக்டீரியாவின் வித்துகளும் அதில் அழிந்துவிடும். பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடால் சுத்தம் செய்த அட்டையில், வெளிக்காற்று படாமல் அடைக்கிறார்கள். புளிக்க வைக்கும் கிருமி உள்ளே இல்லை. பிரித்த பிறகு காற்றிலிருந்தும் கைவிரலிலிருந்தும் கத்தரியிலிருந்தும் போய்ச் சேருவதுதான் அதைக் கெடுக்கும். இதில் பல, குளிரிலும் வளரக்கூடியவை. இவை சர்க்கரையை விட்டுவிட்டுப் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். பால் கசக்கும், ஊசல் வாடை வரும், ஆனால் புளிப்பு அதிகம் ஏறாது. புளிப்பு இல்லாததால் அடுப்பில் வைத்தாலும் பல சமயம் திரியாமல் பொங்கி வந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். தென்சென்னையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பாக்கெட் பால் வரவில்லை, கரண்ட்டும் இல்லை. மேல் மாடியில் இருக்கும் பெண் முதல் நாள் காலையில் ஒரு லிட்டர் டெட்ரா பேக்கைப் பிரித்துக் கொஞ்சம் காய்ச்சிவிட்டு, மீதியை அட்டையோடு சமையல் மேடையிலேயே வைத்திருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் மீதியைக் காய்ச்சி டம்ளரில் எடுத்துக்கொண்டு வந்தாள். "அங்கிள், பாருங்க, நல்லா பொங்கி வந்துச்சு, திரியவே இல்லை. தம்பிக்குக் குடுக்கலாம்ல?" என்றாள். பையனுக்கு மூன்று வயது.

பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. புளித்த வாடை துளியும் இல்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு அடிநாக்கில் கசப்பு நின்றது. வாய் கொப்பளித்துவிட்டு, புளிப்பை அளக்க என்னிடம் இருந்த பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட 6.6 என்று காட்டியது. நல்ல பாலுக்கு இருக்கவேண்டிய அதே அளவு. திரிவதற்கு அதில் காரணமே இல்லை. "கொட்டிடும்மா" என்று சொல்லி, எங்கள் வீட்டில் இருந்த 200 மில்லி பேக்குகளைக் கொடுத்தேன். ஒன்றைப் பிரித்தால் அந்த வேளையோடு தீர்த்துவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

"மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா?" என்று யாராவது கேட்பீர்கள். ஆகாது. கொதித்தால் கிருமி சாகலாம், ஆனால் சில பாக்டீரியாக்கள் அதற்கு முன்பே விட்டுச்சென்ற நச்சு கொதியிலும் அழியாது.

    

பிரிக்கும் முன் அட்டையின் மூலையைத் துடையுங்கள். கத்தரியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்டு வெட்டுங்கள். பிரித்த தேதியைப் பேனாவால் அட்டை மேலேயே எழுதிவிடுங்கள். வேண்டிய அளவை ஊற்றிக்கொண்டு உடனே கிளிப் போட்டு உள்ளே வையுங்கள். பிரிட்ஜின் கதவில் வைக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் வெப்பக்காற்று முதலில் அங்கேதான் படும். உள்தட்டில், 4 டிகிரி பக்கம் குளிர்ச்சி இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். டம்ளரில் மிஞ்சியதைத் திரும்ப அட்டையில் ஊற்றவே கூடாது. பிரித்த பால் இரண்டு மணி நேரம் வெளியே இருந்துவிட்டால் அதை மறந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். பிரிக்காத அட்டையையும் வெயில் படும் இடத்திலோ நிறுத்திய காரிலோ வைக்காதீர்கள். சூட்டில் நிறம் பழுப்பேறும், கசப்பும் சீக்கிரம் வரும். உப்பியிருந்தாலோ மூலையில் ஈரம் கசிந்தாலோ தேதி எவ்வளவு மீதி இருந்தாலும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு "கெமிக்கல் பாலுக்கு வக்காலத்து" என்று சிலர் வரக்கூடும். எந்தக் கம்பெனியோடும் எனக்குத் தொடர்பில்லை. பால் ஆறு மாதம் தாங்குவது சூட்டாலும் அடைக்கும் முறையாலும்தான், அதற்குப் பதப்படுத்தும் மருந்து எதுவும் தேவையில்லை. பிரித்ததும் காய்ச்சாமலே குடிக்கலாம். லேசான காய்ச்சிய வாடை இருக்கும், அது அந்தச் சூட்டின் வாடை.

எது நல்லது என்றால், சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் பால் வாங்கி அன்றே காய்ச்சித் தீர்க்கிறீர்கள், தயிருக்கும் உறை ஊற்றுகிறீர்கள் என்றால் பாக்கெட் பாலே போதும், விலையும் குறைவு. யூஎச்டி பாலில் தயிர் தோயும், ஆனால் கெட்டியாக நிற்காது. பனீரும் கொழகொழவென்றுதான் வரும். காபிக்கு மட்டும் என்றால் லிட்டர் பேக்கை விட்டுவிட்டு 200 மில்லி பேக்காக வாங்கி வையுங்கள். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் கொஞ்சம் கூடத்தான் வரும், ஆனால் திறந்த பாலை நாள் கணக்கில் வைத்திருக்கும் வேலையே உங்களுக்கு இருக்காது.