விலை கூடின வைன், ருசியும் கூடுமா?

> “1,200 ரூபாய் வைனுக்கும் 6,000 ரூபாய் வைனுக்கும் வித்தியாசமே தெரியல. என் நாக்குல கோளாறா?”

நாக்கில் கோளாறு இல்லை. 2008-ல் வந்த ஓர் ஆய்வில், விலை தெரியாமல் குடித்த சாதாரண ஆட்களுக்கு மலிவான வைனே ஒரு துளி கூடுதலாகப் பிடித்தது.

விலையை ஏற்றுவது பெரும்பாலும் பற்றாக்குறையும் பெயரும்தான். விலை கூடின வைனுக்குப் பேர்போன பிரான்சின் ரொமானே-கோந்தி திராட்சைத் தோட்டம் மொத்தமே நாலரை ஏக்கர்; கொடியில் குலைகளையும் குறைவாகவே விடுவார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில், கேட்பதோ உலகம் முழுக்க.

வீட்டில் சோதியுங்கள். ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் ஒரு வைன், மூன்றாவதில் மற்றது. நீங்கள் பார்க்காமல் வேறொருவர் ஊற்றட்டும். தனியானதைக் கண்டுபிடிங்கள். குருட்டாம்போக்கிலேயே மூன்றில் ஒரு தடவை சரியாகும், அதனால் ஆறு தடவையாவது செய்யுங்கள்.

ஒன்று மட்டும்: வேலூர் மே வெயிலில் அலமாரியில் கிடந்த பாட்டில் என்றால் சோதனை செல்லாது. சூட்டில் பழவாசம் போய், வேகவைத்த பழம் போல் மணக்கும்.