மணிவிழா மடல் எழுதுகிறவரிடம் சில கேள்விகள்

மும்பையில் மாட்டுங்கா பக்கம் உட்கார்ந்துகொண்டு பல வருடமாக வாழ்த்துப்பாவும் சின்ன மேடைப் பேச்சும் எழுதிக் கொடுக்கிறேன். கல்யாண நாள், பெயர் சூட்டல், பணி ஓய்வு எல்லாம் வரும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அறுபதாம் கல்யாணம் பற்றியே இருந்ததால் அதையே பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு மகன்: அக்கா, அப்பாவுக்கு மணிவிழா. நானே நாலு வரி எழுதிப் பார்த்தேன், "அன்பும் பண்பும் அறமும் கொண்ட எங்கள் தந்தையே" என்று ஆரம்பித்தேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. என்ன தப்பு?

தப்பே இல்லை தம்பி, அதுதான் தொல்லை. அந்த வரியை உங்கள் அப்பாவுக்கும் படிக்கலாம், அடுத்த ஃபிளாட்காரருக்கும் படிக்கலாம். போனில் பேசும்போது நீங்களும் அப்படித்தான் ஆரம்பித்தீர்கள்: "அப்பா ரொம்ப நல்லவர், கடுமையா உழைச்சவர்." எல்லாப் பிள்ளைகளும் சொல்வது இது. நான் கேட்பது வேறு. காலையில் அவர் கிளம்பும்போது வீட்டில் என்ன சத்தம் கேட்கும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா அடுப்பிலிருந்து வெந்நீர் அண்டாவை இறக்கும் சத்தம் என்றீர்கள். நாலேகால் மணிக்கு. அப்புறம் மழைக்காலத்தில் வாசலில் குடை விரியும் சத்தம். அப்புறம் நீங்களாகவே சொன்னீர்கள், இப்போது அப்பாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் நின்றுவிட்டால் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறார் என்று. மடல் அங்கேயே கிடைத்துவிட்டது. உங்கள் அனுமதியோடு இங்கே போடுகிறேன்:

விடியும் முன்னே எழுந்தம்மா வெந்நீர் வைத்து வழியனுப்ப,
நொடியும் தவறா அப்பாவோ நூறு மழையில் ரயில்பிடித்தார்;
மடியில் வளர்ந்த நாங்களெல்லாம் மாலை தொடுத்து நிற்கின்றோம்;
படியில் இறங்கத் தோள்தருவோம், பயணம் இன்னும் பலவுண்டே!

அண்டா வெந்நீராகி முதல் வரிக்குப் போனது. குடை மழைக்குள் மறைந்தது. முழங்கால் வலியை வலி என்று சொல்லாமல் படியையும் தோளையும் மட்டும் வைத்தேன். விழா நாளில் சபை நடுவே நோயைச் சொல்லக் கூடாது, ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டும்.

முலுண்டிலிருந்து ஒருவர்: எதுகை மோனை இருந்தால்தான் கவிதை என்று பள்ளியில் படித்தேன். எதுகை என்றால் வரி முடிவில் ஒரே ஓசை வருவதுதானே? உங்கள் பாட்டில் முடிவெல்லாம் வேறு வேறாக இருக்கிறதே.

பாதி சரி ஐயா. வரிக் கடைசியில் ஓசை ஒன்றிவருவது இயைபு. எதுகை வரியின் முதல் சொல்லில், இரண்டாம் எழுத்தில் இருக்கும். விடியும், நொடியும், மடியில், படியில்: நாலிலும் 'டி' இருக்கிறதல்லவா? அதுதான். முதலெழுத்தும் நாலிலும் குறிலாக இருக்க வேண்டும். ஒரு வரி 'நாடி' என்று நெடிலில் தொடங்கினால் காது உடனே தட்டும்.

மோனை என்பது சொல்லின் முதலெழுத்து ஓசை ஒன்றிவருவது, அதற்கு ஒவ்வொரு வரியின் நடுவில் பாருங்கள். 'விடியும்' என்றால் அடுத்த பாதி 'வெந்நீர்'. 'நொடியும்' என்றால் 'நூறு'. மேடையில் படிப்பவருக்கு அந்த இடம் மூச்சு வாங்கும் படிக்கட்டு மாதிரி. மேலே உள்ளது அறுசீர் விருத்தம், ஒரு வரிக்கு ஆறு சீர், 'மா மா காய்' என்ற நடை இரண்டு தடவை வரும். தெரிந்த எந்த ராகத்திலும் இழுத்துப் பாடலாம், அதனால்தான் வாழ்த்து மடலில் நான் விருத்தத்தையே எடுக்கிறேன். வெண்பா ஃபிரேம் போட்டு மாட்ட அழகு. ஆனால் தளை ஒன்று பிசகினாலும் சபையில் தமிழாசிரியர் ஒருவர் எழுந்து சொல்லிவிடுவார். எனக்கு ஒரு தடவை நடந்திருக்கிறது.

அதே முலுண்ட் வாசகர்: சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மும்பை லோக்கல் 'நொடியும் தவறா' வருவதாக எழுதியிருக்கிறீர்களே, அது பொய்யல்லவா?

நொடி தவறாதவர் அப்பா, ரயில் இல்லை! இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆனாலும் நீங்கள் அப்படிப் படித்தீர்கள் என்றால் சபையில் இன்னும் நாலு பேர் அப்படிக் கேட்பார்கள். அதனால் படிக்கிற பையனிடம் 'அப்பாவோ' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும் சொற்கள் சில நேரம் மானத்தை வாங்கும். முதலில் 'தவறாது அப்பா' என்றுதான் எழுதினேன். சேர்த்து வாசித்தால் 'தவறாதப்பா'. 'தப்பா' மட்டும் தனியாகக் காதில் விழுந்தது. அடித்துவிட்டேன். எழுதி முடித்ததும் வேறொருவரை வேகமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பது இதற்காகத்தான்.

செம்பூரிலிருந்து ஒரு மருமகள்: என் பிள்ளைகள் தாத்தாவுக்கு வாழ்த்துப் படிக்க ஆசைப்படுகிறார்கள். பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்கலாமா அக்கா?

கொடுக்கலாம் கண்ணம்மா, ஆனால் ஒத்திகை வேண்டும். ஆங்கில எழுத்தில் ழகரத்துக்கு நாம் போடும் இரண்டெழுத்தை இந்தப் பிள்ளைகள் 'ஸ' மாதிரி படிக்கிறார்கள். 'வாழ்க' என்பது 'வாஸ்க' ஆகிவிடும். தாத்தா சிரிப்பார், அது பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் வந்தால் பிள்ளைக்கு அழுகை வந்துவிடும்.

பள்ளியில் மராத்தி படிக்கிற பிள்ளை என்றால் தேவநாகரியில் எழுதிக் கொடுங்கள். அதில் எ, ஒ இரண்டைத் தவிர மற்றவற்றில் நெடில் குறில் தெளிவாகத் தெரியும். 'தங்கம்' என்பதில் வருவது எந்தக் ககரம் என்ற குழப்பமும் இல்லை, அதற்குத் தனி எழுத்து இருக்கிறது. மராத்தியில் ளகரமும் உண்டு. ழகரம் மட்டும் பழக்கத்தில் இல்லை, அதனால் அது ளகரமாகத்தான் வரும். பிள்ளை படிக்கப்போகிறது என்று முதலிலேயே சொன்னால் ழகரம் குறைவான சொற்களாகப் பார்த்து எழுதுவேன். மேலே உள்ள மடலில் 'எழுந்தம்மா', 'வழியனுப்ப', 'மழை' என்று மூன்று இருக்கின்றன. அது பெரியவர் படிக்க எழுதியது, உங்களுக்கு ஆகாது.

காட்கோபரிலிருந்து ஒருவர்: மாமனார் விழாவில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு எழுதலாம்? போன தடவை மைத்துனர் பன்னிரண்டு நிமிடம் பேசி சாப்பாடு ஆறிப்போனது.

மேடையில் நிதானமாகப் பேசுகிறவர் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் சொல்வார் என்பது என் கணக்கு. இரண்டு நிமிடத்துக்கு நூற்றி அறுபது சொல் போதும், கை எழுத்தில் ஒரு பக்கம். வணக்கம் சொல்லிப் பெரியவர்கள் பெயரை வரிசையாகச் சொல்லவே அரை நிமிடம் போய்விடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மாமனாரைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்கள், நீங்கள் கண்ணால் பார்த்தது. இரண்டாவது சம்பவம் தொடங்கும்போதுதான் உங்கள் மைத்துனர் வழி தவறியிருப்பார்.

வாஷியிலிருந்து ஒருவர்: மடலை பிரிண்ட் கடையில் கொடுத்தேன். எழுத்தெல்லாம் உடைந்து வந்தது. கடைக்காரர் உங்கள் ஃபைல்தான் தப்பு என்கிறார்.

கடைக்காரர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருப்பார், அவருக்கு எல்லாம் பூவேலை மாதிரிதான் தெரியும். நீங்கள் அனுப்பியது யூனிகோடு. அவருடைய டிசைன் மென்பொருளில் இந்திய எழுத்துகளைச் சேர்க்கும் அமைப்பு போடப்படாமல் இருந்தால் கொம்பு இடம் மாறிவிடும். சரிபார்க்க எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. 'நொடியும்', 'தொடுத்து', 'தோள்' என்ற மூன்று சொல்லைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போயிருந்தால் முழுதும் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்களே பி.டி.எஃப் ஆக்கிக் கொடுங்கள், அவர் பூவும் பார்டரும் மட்டும் சுற்றிப் போடட்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் முன் ஒரு சின்னத் தாளில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு விழாவில் ஆறடி பேனரில் மாப்பிள்ளை பெயரே உடைந்து தொங்கியது, அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

சயனிலிருந்து ஒருவர்: சஷ்டியப்தபூர்த்திக்கு நல்ல வாத்தியார் யாராவது சொல்லுங்களேன். ஹோமத்துக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

நான் பாட்டு எழுதுகிறவள் ஐயா, வாத்தியார் விஷயம் உங்கள் பக்கத்துக் கோயிலில் கேளுங்கள். ஆனால் கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன், மடலில் தமிழ் வருடப் பெயர் போடுவதாக இருந்தால் அந்த வாத்தியாரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். அறுபது வருடச் சுற்றில் பிறந்த வருடமே திரும்பி வருகிறது என்பதுதான் விழாவின் கணக்கு. 1966 பிப்ரவரியில் பிறந்தவரை எல்லோரும் பராபவ வருடம் என்று எழுதிவிடுகிறார்கள். வருடம் மாறுவது ஏப்ரல் நடுவில், அதனால் அவர் விசுவாவசு. அச்சடித்த பிறகு மாமா ஒருவர் பஞ்சாங்கத்தோடு வருவார்.

செம்பூரிலிருந்து இன்னொருவர்: என் அண்ணன் மூன்று வருடம் முன்னால் போய்விட்டான். அப்பா அம்மா மணிவிழா மடலில் அவன் பெயர் வர வேண்டும் என்கிறாள் அம்மா. அப்பா வேண்டாம் என்கிறார். எழுதலாமா?

மங்கல காரியத்தில் மறைந்தவர் பெயர் வேண்டாம் என்பது பல வீட்டு வழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் பெற்ற வயிறு கேட்கும்போது வழக்கம் என்று சொல்லி வாயை மூட எனக்கு மனம் வரவில்லை.

(முந்தைய செம்பூர் மருமகள்): அக்கா, நான் சொல்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் எழுதினோம். படிக்கும்போது மாமியார் அழுது, அப்புறம் யாரும் சாப்பிடவே இல்லை.

அதுவும் நடக்கும். ஒரு வழி, பெயரைச் சொல்லாமல் எண்ணிக்கையில் வைப்பது. மூன்று பிள்ளைகள் பெற்றவர்களை 'மூவர் பெற்றோர்' என்று எழுதினால் தெரிந்தவருக்குத் தெரியும், தெரியாதவர் கடந்துபோவார். உங்களுக்கு அந்த ஒரு வரியை இரண்டு விதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன். விழா போன ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். எதைப் படித்தீர்கள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.