ஒரே N எல்லாப் புள்ளிகளுக்கும் போதுமா?

மதிப்புக்குரிய ஐயா,

[0, 1] இடைவெளியில் xⁿ என்ற தொடர்முறை சீராக ஒருங்காது என்பதற்கு, எல்லைச் சார்பு x = 1 இல் தொடர்ச்சி இழப்பதையே வகுப்பில் காரணமாகச் சொன்னார்கள். அந்த ஒரு புள்ளியை நீக்கிவிட்டு [0, 1) இல் எடுத்தால் எல்லை எங்கும் பூச்சியம்தானே? அங்கே ஒருங்கல் சீரானது என்று கொள்ளலாமா?

முதுகலைக் கணித மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

கொள்ள முடியாது. தொடர்ச்சியான சார்புகள் சீராக ஒருங்கினால் எல்லையும் தொடர்ச்சியாகவே இருக்கும்; ஆகவே எல்லையில் தொடர்ச்சி அற்றுப்போனால் ஒருங்கல் சீரானதல்ல என்று வகுப்பில் முடிவு செய்தது சரியே. ஆனால் எல்லை தொடர்ச்சியாக இருப்பதை மட்டும் வைத்து ஒருங்கல் சீரானது என்று சொல்ல இயலாது. நீங்கள் எடுத்துக்கொண்ட [0, 1) தான் இதற்கு நல்ல சான்று.

பிழை 0.1 ஐவிடக் குறைய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் n எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். x = 0.5 என்றால் n = 4 போதும்; 0.9 இல் 22 வேண்டும், 0.99 இல் 230, 0.999 இல் 2302. எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதற்குரிய N ஒன்று கிடைத்துவிடுகிறது என்பதால் புள்ளிவாரி ஒருங்கல் உண்டு. ஆனால் x ஆனது 1 ஐ நெருங்க நெருங்க அந்த N வரம்பின்றி வளர்கிறது. சீரான ஒருங்கலோ, x எதுவென்று அறியும் முன்பே, எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே N ஐ நிர்ணயிக்கச் சொல்கிறது. வரையறையில் “ஒவ்வொரு x க்கும்” என்பது N க்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில்தான் வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. கோஷி 1821இல் வெளியிட்ட நூலில், தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடருக்குக் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று எழுதியதும், 1826இல் ஆபெல் அதற்கு எதிர்ச்சான்று காட்டியதும் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகாத காலத்தில் நடந்தவை.

நிரூபணமாக எழுத வேண்டுமானால், n எதுவாயினும் x = (1/2)^(1/n) என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது [0, 1) க்குள்தான் இருக்கிறது, அங்கே xⁿ இன் மதிப்பு சரியாக 1/2. n கூடும்போது இந்தப் புள்ளி வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறதே தவிர, பிழை 1/2 இலிருந்து குறைவதே இல்லை. உண்மையில் [0, 1) இல் பிழையின் மீச்சிறு மேல்வரம்பு ஒவ்வொரு n க்கும் 1 ஆகவே நிற்கிறது. 1 என்ற புள்ளியை நீக்கினீர்கள். அதன் அண்மையை நீக்கவில்லை.

அண்மையையும் நீக்கி, a < 1 என்று நிலையாக வைத்து [0, a] இல் பாருங்கள். அங்கே மிகப் பெரிய பிழை aⁿ. அது பூச்சியத்தை நோக்கிச் செல்வதால் ஒருங்கல் சீரானது. இத்தகைய இடைவெளிகள் அனைத்தும் சேர்ந்து [0, 1) முழுவதையும் நிரப்பினாலும், N ஒவ்வொரு a க்கும் வேறாவதால் முழு இடைவெளியில் சீர்மை கிடைப்பதில்லை. எனினும் [0, 1) இன் ஒவ்வொரு புள்ளியும், சுற்றிலும் சிறிது இடம் விட்டு, ஏதோ ஒரு [0, a] க்குள் அடங்கிவிடுகிறது, தொடர்ச்சி என்பது புள்ளியின் அண்மையைப் பொறுத்த பண்பாதலால், அங்கே எல்லைச் சார்பு தொடர்ச்சியாக அமைவதற்கு அதுவே போதுமானது.

அன்புடன்.